சாம்பிள் அண்ட் ஹோல்டில் கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் ஏன் தீராது

கேள்வி: கீ அழுத்தும் கணத்தின் வோல்டேஜைப் பிடித்து வைக்க, சின்தசைஸருக்காக CD4066 ஸ்விட்ச், 1 நானோஃபாரட் கெபாசிட்டர், TL072 ஆப்ஆம்ப் வைத்து பிரெட்போர்டில் ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டு செய்தேன். சிக்னல் 0 முதல் 5 வோல்ட், ஆக்டேவுக்கு 1 வோல்ட். கீபோர்டு வெளியீட்டில் 1K ரெசிஸ்டர் இருக்கிறது, சாம்பிள் பல்ஸ் 200 மைக்ரோசெகண்ட், 4066க்கு 12 வோல்ட் சப்ளை. ஹோல்டு ஆகும் கணத்திலேயே சுருதி கொஞ்சம் குதிக்கிறது, அப்புறம் நொடிக்கு 200 மில்லிவோல்ட் வீதம் இறங்கிக்கொண்டே போகிறது. 100 நானோஃபாரட் போட்டேன், இறக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது, ஆனால் இப்போது ஸ்வரம் சரியான இடத்துக்கே போவதில்லை. எந்த மதிப்பு போட்டால் சரியாகும்?

பதில்:

22 நானோஃபாரட். ஆனால் இப்போது இருக்கும் சர்க்யூட்டில் அதை மட்டும் மாற்றினால் உங்களுக்குத் திருப்தி வராது. நீங்கள் பார்ப்பது மூன்று தனித்தனிப் பிழைகள். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது கெபாசிட்டர் ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் போலத் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் அளவுகோல். ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்றால் ஒரு அரைஸ்வரம் 83.3 மில்லிவோல்ட், அதை நூறாகப் பிரித்த ஒரு சென்ட் 0.83 மில்லிவோல்ட். ஒரே ஒரு ஆசிலேட்டர் தனியாக ஒலிக்கும்போது நாலைந்து சென்ட் விலகலைப் பலருக்குக் காது காட்டிக்கொடுக்காது, இன்னொரு ஆசிலேட்டரோடு சேர்ந்து ஒலித்தால் விம்மல் உடனே கேட்கும். அதனால் ஒவ்வொரு பிழையும் ஒரு சென்ட், அதாவது 0.83 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். மூன்று பிழைகளும் மூன்று எளிய சமன்பாடுகள்:

```
t  = R × C × ln(V / e)     சாம்பிள் ஆக எடுக்கும் நேரம்
dV/dt = I / C              ஹோல்டில் இறங்கும் வேகம்
dV = Q / C                 ஸ்விட்ச் அணையும்போது வரும் குதிப்பு
```

இதில் V என்பது கெபாசிட்டர் கடக்க வேண்டிய மொத்த வோல்டேஜ், e என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை.

இப்போது கடைசியாக வந்த தொல்லையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் சுலபமானது. ஸ்விட்ச் ஆன் ஆகி வழிவிட்டதும் கெபாசிட்டர் உடனே புது வோல்டேஜுக்குப் போய்விடாது, R வழியாக நிரம்ப வேண்டும். அந்த R-ஐ ஸ்விட்சின் ஆன் ரெசிஸ்டன்ஸ் என்று மட்டும் நினைப்பது வழக்கமான தவறு. 4066க்கு அது 10 வோல்ட்டில் சுமார் 180 ஓம், 15 வோல்ட்டில் சுமார் 125 ஓம், ஆக உங்கள் 12 வோல்ட்டில் 150 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் கீபோர்டு வெளியீட்டில் 1K உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 1150 ஓம். 100 நானோஃபாரட்டோடு டைம் கான்ஸ்டன்ட் 115 மைக்ரோசெகண்ட் ஆகிறது. உங்கள் பல்ஸோ 200 மைக்ரோசெகண்ட்தான், இரண்டு டைம் கான்ஸ்டன்ட்கூட முழுசாக இல்லை. அந்த நேரத்தில் பாக்கி நிற்கும் பங்கு 17.6 சதவீதம். ஒரு ஆக்டேவ் தாண்டி வாசித்தால் 176 மில்லிவோல்ட் குறையும், அது இரண்டு அரைஸ்வரத்துக்கும் மேல்.

இது சாம்பிள் நேரப் பற்றாக்குறைதான் என்று உறுதி செய்ய ஒரு நல்ல சோதனை உண்டு, மீட்டர்கூட வேண்டாம், காதே போதும். ஒரு ஆக்டேவ் தாவி புதுக் கீயை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு, சாம்பிள் பல்ஸை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுங்கள். முதல் பல்ஸில் 176 மில்லிவோல்ட் குறை, இரண்டாவதில் 31, மூன்றாவதில் 5 என்று ஸ்வரம் படிப்படியாகச் சரியான இடத்துக்கு ஏறி வரும். மேலிருந்து கீழே தாவினால் குறைக்குப் பதில் அதிகமாக நிற்கும். அதாவது, இந்தப் பிழை எப்போதும் முந்தைய ஸ்வரத்தின் பக்கமாகவே இழுக்கும். மற்ற இரண்டு பிழைகளுக்கும் இந்தக் குணம் கிடையாது, அவற்றுக்கு முன்னால் என்ன வாசித்தீர்கள் என்பது தெரியாது.

ஒரு சென்ட்டுக்குள் வர எவ்வளவு நேரம் வேண்டும்? மோசமான நிலை 5 வோல்ட் தாவல். 5000-ஐ 0.83ஆல் வகுத்தால் சுமார் 6000, அதன் இயல் மடக்கை 8.7. ஆகவே 8.7 டைம் கான்ஸ்டன்ட். 100 நானோஃபாரட்டுக்கு அது சரியாக 1 மில்லிசெகண்ட். இங்கேயே இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, பல்ஸை ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் அகலமாக்குவது. கீபோர்டுக்கு அது தாராளமாகச் செல்லும், வேகமாக மாறும் ஒரு சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்றால் செல்லாது, அந்த மில்லிசெகண்ட் முழுக்க உள்ளீடு அசையாமல் நிற்க வேண்டுமே. இன்னொன்று, 1K-யைப் பாதையிலிருந்து எடுத்துவிடுவது. ஸ்விட்சுக்கு முன்னால் ஒரு ஆப்ஆம்ப் பஃபர் போட்டால் கெபாசிட்டருக்குத் தெரிவது ஸ்விட்சின் 150 ஓம் மட்டுமே, நேரம் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நான் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன். காரணம் கொஞ்சம் பின்னால் வருகிறது.

பஃபர் போட்டால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சமன்பாடு சொல்வது ஆப்ஆம்ப் எவ்வளவு கரன்ட் வேண்டுமானாலும் கொடுக்கும் என்று நம்பிச் சொல்வது. 5 வோல்ட் தாவலில் 150 ஓம் வழியாக முதல் கணத்தில் 33 மில்லிஆம்பியர் கேட்கும். TL072 போன்ற ஒன்று அவ்வளவு தராது, 20 மில்லிஆம்பியர் பக்கம் முட்டி நிற்கும், அந்த நேரத்துக்கு வோல்டேஜ் வளைவாக ஏறாமல் நேர்கோடாக ஏறும். பெரிய கெபாசிட்டரில் இது கூடுதலாகச் சில மைக்ரோசெகண்ட் தின்னும். அதனால் கணக்கில் வரும் நேரத்துக்குக் குறைந்தது இரண்டு மடங்கு பல்ஸ் வைப்பது நல்லது.

சரி, இறக்கத்துக்கு வருவோம். ட்ரூப் என்று சொல்வது இதைத்தான். நொடிக்கு 200 மில்லிவோல்ட், கெபாசிட்டர் 1 நானோஃபாரட் என்று நீங்களே அளந்து கொடுத்துவிட்டீர்கள். பெருக்கினால் 200 பைக்கோஆம்பியர் எங்கோ கசிகிறது. எங்கே? TL072-இன் உள்ளீட்டு பயாஸ் கரன்ட் 25 டிகிரியில் வழக்கமாக 65 பைக்கோஆம்பியர், அதிகபட்சம் 200. 4066-இன் ஆஃப் கசிவு 10 வோல்ட் சப்ளையில் வழக்கமாக 10 பைக்கோஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 75, அது 1 நானோஃபாரட்டில் நொடிக்கு 75 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட ஒரு அரைஸ்வரம். உங்கள் அளவில் பாக்கி 125 பைக்கோஆம்பியர் வேறு எங்கிருந்தோ வருகிறது, அல்லது உங்கள் கையிலிருக்கும் TL072 கொஞ்சம் கூடுதலாகக் கசியும் பிரதியாக இருக்கிறது.

இந்த இடத்தில் டேட்டாஷீட்டைப் படிக்கும் விதம் முக்கியம். 4066-இன் கசிவுக்கு வழக்கமான மதிப்பு 10 பைக்கோஆம்பியர் என்று முதல் பக்கத்தில் பெருமையாக இருக்கும். உள்ளே அட்டவணையில் 18 வோல்ட்டில் அதிகபட்சம் 0.1 மைக்ரோஆம்பியர் என்று இருக்கும். பத்தாயிரம் மடங்கு. இதற்கு ஸ்விட்ச் அவ்வளவு கசியும் என்று அர்த்தமில்லை. பைக்கோஆம்பியரைத் தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்புக்கும் அளப்பது நேரம் பிடிக்கும் வேலை, சோதனைக் கருவி சட்டென்று பார்க்கக்கூடிய ஒரு எல்லையை உத்தரவாதமாக எழுதிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு செய்பவர் வழக்கமான மதிப்பை நம்பிச் செய்து, அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் செய்பவர் நம்ப முடியாது.

அந்த 125 பைக்கோஆம்பியருக்கு நான் முதலில் சந்தேகிப்பது உங்கள் பிரெட்போர்டைத்தான். கெபாசிட்டர் இருக்கும் ஹோல்டு முனைக்கும் தரைக்கும் இடையில் பத்து இருபது ஜிகாஓம் இருந்தாலே இந்த அளவு கரன்ட் ஓடிவிடும். பிளாஸ்டிக்கின் மேல் விரல் எண்ணெய், மழைக்கால ஈரம், பிசிபியில் கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ், எதுவும் போதும். எனக்கு ஒருமுறை சுத்தமாக வேலை செய்துகொண்டிருந்த போர்டு ஒன்று, அடை மழை பெய்த வாரத்தில் மட்டும் சுருதி நழுவ ஆரம்பித்தது. ஐசியை இரண்டு முறை மாற்றினேன், மாற்றமில்லை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் வைத்துத் தேய்த்து, வெயிலில் காய வைத்ததும் நின்றுவிட்டது.

கசிவு எந்த வகை என்று பிரிக்க இப்படிச் செய்யுங்கள். 0 வோல்ட், 2.5 வோல்ட், 5 வோல்ட் மூன்றிலும் தனித்தனியாக ஹோல்டு செய்து, ஒவ்வொன்றும் பத்து நொடியில் எவ்வளவு நகர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே திசை, ஏறக்குறைய ஒரே வேகம் என்றால் அது ஆப்ஆம்பின் பயாஸ் கரன்ட். 5 வோல்ட்டில் வேகமாக இறங்கி 0 வோல்ட்டில் அசையாமல் நின்றால் தரைக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் வழி இருக்கிறது. 0 வோல்ட்டில் வேகமாக மேலே ஏறினால் 12 வோல்ட் ரெயிலிலிருந்து வருகிறது. ஹோல்டில் இருக்கும்போதே கீபோர்டில் வேறு கீயை அழுத்தி, சரிவின் வேகம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் ஸ்விட்ச் வழியாகவே கசிகிறது.

இந்தச் சோதனையில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. கெபாசிட்டரின் காலில் நேரடியாக ஆஸிலோஸ்கோப் புரோபையோ மல்டிமீட்டரையோ வைக்காதீர்கள். இரண்டும் 10 மெகாஓம் பக்கம். 1 நானோஃபாரட்டை அது 10 மில்லிசெகண்ட் டைம் கான்ஸ்டன்ட்டில் காலி செய்துவிடும், நீங்கள் அளப்பது உங்கள் புரோபின் கசிவை. எப்போதும் ஹோல்டு பஃபரின் வெளியீட்டில்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்று, பயாஸ் கரன்ட்டை 25 டிகிரி மதிப்பில் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஏமாற்றமே. ஜேஃபெட் உள்ளீட்டின் கசிவு ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிக்கும். பெட்டிக்குள் 45 டிகிரி வந்தால் 65 என்பது 260 ஆகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் அது அபூர்வமே இல்லை. அதனால் இந்த இடத்துக்கு TL072 சரியான ஆள் இல்லை. LMC6482 போன்ற சிமாஸ் உள்ளீட்டு ஆப்ஆம்ப் போடுங்கள், அதன் வழக்கமான உள்ளீட்டுக் கரன்ட் 0.02 பைக்கோஆம்பியர், வெப்பநிலை எல்லை முழுவதற்கும் அதிகபட்சமே 4 பைக்கோஆம்பியர்தான். அதை மாற்றியதும் ஆப்ஆம்ப் கணக்கிலிருந்தே போய்விடும், மிச்சம் ஸ்விட்சும் போர்டும்தான். போர்டுக்கு, ஹோல்டு முனையைச் சுற்றி ஒரு செப்பு வளையம் போட்டு அதை ஹோல்டு பஃபரின் வெளியீட்டோடு இணைத்துவிடுங்கள். வளையமும் முனையும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் இடையில் கரன்ட் ஓட அழுத்தமே இருக்காது, வெளியிலிருந்து வரும் கசிவை வளையம் வாங்கிக்கொள்ளும். பிரெட்போர்டில் இதைச் செய்ய முடியாது. ஹோல்டு முனையை மட்டும் பிரெட்போர்டைத் தொடாமல், ஆப்ஆம்ப் காலை மேலே மடக்கி கெபாசிட்டரோடு அந்தரத்தில் சால்டர் செய்துவிடலாம், காற்று நல்ல இன்சுலேட்டர்.

இறக்கம் ஒரே சீராக இல்லாமல், முதல் அரை நொடி வேகமாக நகர்ந்து அப்புறம் அடங்குகிறது என்றால் அது கசிவே இல்லை. கெபாசிட்டரின் டைஎலக்ட்ரிக் பழைய வோல்டேஜை இன்னும் மறக்காமல் மெல்லத் திருப்பித் தருகிறது, இதை டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன் என்பார்கள். நகர்வு எப்போதும் முந்தைய ஸ்வரத்தை நோக்கியே இருக்கும். X7R செராமிக் இதில் மிக மோசம், பாலியெஸ்டர் நடுத்தரம், பாலிப்ரோப்பிலீனும் பாலிஸ்டைரீனும் நல்லவை. 22 நானோஃபாரட் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், அதையே போடுங்கள். 100 நானோஃபாரட் சோதனைக்கு நீங்கள் போட்டது சப்ளை பைபாஸுக்குப் போடும் மஞ்சள் செராமிக் என்றால், அந்தச் சோதனையில் இந்தப் பிழையும் கலந்திருக்கும்.

மூன்றாவது, குதிப்பு. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதைக் கெபாசிட்டரால் மறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது.

ஸ்விட்ச் என்று நாம் சொல்வது உள்ளே ஒரு மாஸ்ஃபெட். அது ஆன் ஆக இருக்கும்போது கேட்டுக்கு அடியில் ஒரு சேனல், அதில் கொஞ்சம் சார்ஜ் தங்கியிருக்கும். அணைத்ததும் சேனல் கலைந்தாக வேண்டும், அந்தச் சார்ஜ் எங்காவது போயாக வேண்டும், போக இருக்கும் இடம் இரண்டே இரண்டு: உள்ளீட்டுப் பக்கம், கெபாசிட்டர் பக்கம். உள்ளீட்டுப் பக்கம் போவது பஃபருக்குள் மறைந்துவிடும். கெபாசிட்டர் பக்கம் வருவது அங்கேயே தங்கிவிடும், ஏனென்றால் கதவு மூடிவிட்டது. இதோடு கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையில் இருக்கும் சின்ன கெபாசிட்டன்ஸ் வழியாகக் கேட் வோல்டேஜின் தாவலும் ஒரு பங்கு சார்ஜைத் தள்ளும். இரண்டும் சேர்ந்ததுதான் சார்ஜ் இன்ஜெக்‌ஷன். பைக்கோகூலோம் கணக்கில் சொல்வார்கள். 1 பைக்கோகூலோம் 1 நானோஃபாரட்டில் சரியாக 1 மில்லிவோல்ட்.

4066-இல் ஒரு என்-மாஸும் ஒரு பி-மாஸும் அருகருகே வேலை செய்கின்றன. அணையும்போது என்-மாஸின் கேட் கீழே போகிறது, கெபாசிட்டரைக் கீழே இழுக்கிறது. பி-மாஸின் கேட் மேலே போகிறது, கெபாசிட்டரை மேலே தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று நம்பலாமா? ஒரே ஒரு சிக்னல் வோல்டேஜில் மட்டும்தான், சப்ளையின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில். உங்கள் 4066 தரைக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையில் ஓடுகிறது, நடு 6 வோல்ட். சிக்னலோ 0 முதல் 5 வரை. அதாவது சிக்னல் முழுவதும் நடுவுக்குக் கீழேயே இருக்கிறது. 0 வோல்ட் அருகில் பி-மாஸில் சேனலே இல்லை, என்-மாஸில் முழுச் சேனல் இருக்கிறது, குதிப்பு பெரிதாகக் கீழ்நோக்கி வரும். 5 வோல்ட் அருகில் இரண்டும் ஏறக்குறைய சமம், குதிப்பு சின்னதாகிவிடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 0 வோல்ட்டில் 14 மில்லிவோல்ட் கீழே, 5 வோல்ட்டில் 2 மில்லிவோல்ட் கீழே என்று அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எல்லா ஸ்வரத்துக்கும் பொதுவான பங்கு நம்மைப் பாதிக்காது, ஆசிலேட்டரின் டியூனிங் குமிழை ஒரு முறை திருகினால் போய்விடும். வேறுபடும் 12 மில்லிவோல்ட்தான் தொல்லை. ஐந்து ஆக்டேவில் பரவினால் ஆக்டேவுக்கு 2.4 மில்லிவோல்ட், சுமார் 3 சென்ட். ஒவ்வொரு ஆக்டேவும் கொஞ்சம் இழுத்து நீட்டின மாதிரி ஆகும், அதிலும் அது நேர்கோடாக வராததால் ஆசிலேட்டரின் ஸ்கேல் டிரிம்மரை எவ்வளவு திருகினாலும் நடுவில் எங்கேயோ பிசகும். ஆகவே அளக்கும்போது ஒரே ஒரு வோல்டேஜில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். 0, 1, 2, 3, 4, 5 என்று ஆறு இடத்தில் ஹோல்டுக்கு முன்னும் பின்னும் குறித்து, வரைந்து பாருங்கள். கோட்டின் உயரத்தை விட்டுவிடலாம், சாய்வும் வளைவும்தான் உங்கள் பிழை.

ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் குதிப்பு உண்மையிலேயே ஸ்விட்சுக்குள்ளிருந்து வருகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல் வயருக்கும் ஹோல்டு முனைக்கும் இடையில் வெறும் 1 பைக்கோஃபாரட் இருந்தால், 12 வோல்ட் தாவலில் 12 பைக்கோகூலோம் உள்ளே போய்விடும். அது 1 நானோஃபாரட்டில் 12 மில்லிவோல்ட், ஸ்விட்சே செய்யும் அளவுக்கு. பிரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையில் ஒன்றிரண்டு பைக்கோஃபாரட் எப்போதும் இருக்கும். 4066-இல் நான்கு ஸ்விட்ச் இருக்கிறதே, எதை எடுத்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். பின் வரிசையைப் பாருங்கள்: 4-ஆவது பின் இரண்டாவது ஸ்விட்சின் சிக்னல், அதை ஒட்டி 5-ஆவது பின் அதே ஸ்விட்சின் கன்ட்ரோல். 4-இல் கெபாசிட்டரை வைத்தால் குதிப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்தது போல. முதல் ஸ்விட்சுக்கு சிக்னல் 1, 2 பின்கள், கன்ட்ரோல் எதிர் வரிசையில் 13. அதையே எடுங்கள். கெபாசிட்டரை 1-இல் வையுங்கள், 2-இல் பஃபரிலிருந்து வரும் சிக்னலைக் கொடுங்கள். எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஸ்விட்சுக்கு ஒன்றுதான். பயன்படுத்தாத கன்ட்ரோல் பின்களை மிதக்க விடாமல் கீழ் ரெயிலில் கட்டிவிடுங்கள்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஏன் கெபாசிட்டரை மாற்றி மாற்றிச் சுற்றிவந்தீர்கள் என்று புரியும். நேரம் C-யோடு ஏறுகிறது, குதிப்பு C-யால் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் C அடிபட்டுப் போய் R × Q மட்டும் நிற்கும். C-யைப் பெரிதாக்குவது பிழையைக் குறைப்பதில்லை, குதிப்பிலிருந்து எடுத்து நேரத்தில் போடுகிறது. உண்மையில் குறைக்க வேண்டுமென்றால் R-ஐயோ Q-வையோ குறைக்க வேண்டும். ஸ்விட்சுக்குள் இருக்கும் R-ஐக் குறைக்கப் பெரிய மாஸ்ஃபெட் போட்டால், அகலம் கூடிய அளவுக்குச் சேனலில் சார்ஜும் கூடும், R பாதியானால் Q இரட்டிக்கும். சேனலின் நீளம் L, அதில் சார்ஜ் ஓடும் சுலபம் µ என்றால் சேனல் பங்கின் பெருக்கல் L²/µ அளவில் நிற்கிறது, அகலமே அதில் இல்லை. அதனால்தான் குறைந்த ஆன் ரெசிஸ்டன்ஸ் என்று விளம்பரப்படுத்தும் சில ஓம் ஸ்விட்சை வாங்கி இங்கே போடுபவருக்குக் குதிப்பு பல மடங்கு ஆகிறது. ADG1211 போன்றவை நேர் எதிர்த் திசையில் செய்யப்பட்டவை: ஆன் ரெசிஸ்டன்ஸ் 120 ஓம் பக்கம் பெரிதாகவே விட்டுவிட்டு, சார்ஜ் இன்ஜெக்‌ஷனை 1 பைக்கோகூலோமுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சர்க்யூட்டில் R-இன் பெரும்பகுதி ஸ்விட்சுக்கு வெளியே இருக்கும் அந்த 1K. அதை எடுத்தால் Q ஒரு துளியும் கூடாது, R × Q மட்டும் ஏழில் ஒன்றுக்கும் கீழே விழும். பல்ஸை அகலப்படுத்துவதை விடப் பஃபரை நான் சொன்னது இதனால்தான்.

இனி நான் செய்யும் மாதிரி. சப்ளையை மாற்றுங்கள்: 78L09, 79L05 இரண்டும் வைத்து 4066-க்கும் LMC6482-க்கும் பிளஸ் 9, மைனஸ் 5 கொடுங்கள். மொத்தம் 14 வோல்ட், இரண்டும் தாங்கும். LMC6482-க்கு 16 வோல்ட்டுக்கு மேல் ஆகாது, அதனால் உங்கள் பிளஸ் மைனஸ் 12-ஐ நேராகக் கொடுத்துவிடாதீர்கள். இந்த ரெயில்களின் நடு 2 வோல்ட், உங்கள் சிக்னலின் நடு 2.5. அதாவது என்-மாஸும் பி-மாஸும் சமமாகும் இடம் இப்போது உங்கள் கீபோர்டின் மத்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஒரு கனத்த பிழை ஒரு பக்கமாகச் சாய்வதற்குப் பதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். 0 வோல்ட் ஸ்வரமும் ஆப்ஆம்பின் கீழ் ரெயிலில் முட்டாது. ஆனால் கன்ட்ரோல் சிக்னல் மைனஸ் 5-லிருந்து பிளஸ் 9 வரை ஆட வேண்டும், 0 முதல் 5 வோல்ட் டிரிக்கரை நேராகக் கொடுத்தால் ஸ்விட்ச் அரைகுறையாக நிற்கும். ஒரு டிரான்சிஸ்டர் லெவல் மாற்றி போடுங்கள்.

LMC6482-இன் ஒரு பாதி உள்ளீட்டு பஃபர், மறுபாதி ஹோல்டு பஃபர், நடுவில் 4066-இன் முதல் ஸ்விட்ச், 22 நானோஃபாரட் பாலிப்ரோப்பிலீன். கணக்கு: டைம் கான்ஸ்டன்ட் 3.3 மைக்ரோசெகண்ட், 8.7 மடங்கு 29 மைக்ரோசெகண்ட். இந்த ஆப்ஆம்பின் வேகம் மைக்ரோசெகண்டுக்கு 1.3 வோல்ட்தான், 5 வோல்ட் ஏற இன்னொரு நான்கு மைக்ரோசெகண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள், கரன்ட் எல்லைக்கும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் 200 மைக்ரோசெகண்ட் பல்ஸில் பாதிக்குக் கீழே. கசிவு 10 பைக்கோஆம்பியர் என்றால் இறக்கம் நொடிக்கு 0.45 மில்லிவோல்ட், அரை சென்ட். முன்பு 12 மில்லிவோல்ட்டாக இருந்த வேறுபாடு, ரெயிலை மாற்றாவிட்டாலும்கூட, 22ஆல் வகுபட்டு 0.55 மில்லிவோல்ட் ஆகிறது, அதுவும் ஐந்து ஆக்டேவுக்கும் சேர்த்து.

இதற்குப் பிறகும் குதிப்பு கேட்டால், கன்ட்ரோல் சிக்னலின் தலைகீழ் வடிவத்தை ஒரு 2 முதல் 10 பைக்கோஃபாரட் டிரிம்மர் வழியாக ஹோல்டு முனைக்குக் கொடுத்து, எதிர்ச் சார்ஜால் சமன் செய்யலாம். ஆனால் அது எல்லா ஸ்வரத்துக்கும் பொதுவான பங்கை மட்டும்தான் அழிக்கும், டியூனிங் குமிழ் இலவசமாகச் செய்யும் வேலை அது. அதோடு டிரிம்மரின் கசிவையும் அந்த முனையில் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். உங்களுக்கு வேண்டாம்.

இந்தச் சர்க்யூட்டால் ஆகாதது ஒன்று: ஒரு ஸ்வரத்தை நிமிடக்கணக்கில் பிடித்து வைப்பது. நொடிக்கு அரை சென்ட் என்றால் ஒரு நிமிடத்தில் 33 சென்ட், ட்ரோனுக்கு இது தாங்காது. 1978-இல் வந்த Prophet-5 போன்ற கருவிகள் இதை வேறு விதமாகச் சமாளித்தன. ஒரே ஒரு டிஏசி, வரிசையாகச் சாம்பிள் அண்ட் ஹோல்டுகள், ஒரு Z80 ஓயாமல் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து அதே மதிப்பைத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று சில மில்லிசெகண்டில் முடிந்தால் இறக்கம் என்ற பேச்சே இல்லை, சின்னக் கெபாசிட்டரே போதும். ஆனால் அங்கே ஒவ்வொரு சுற்றிலும் குதிப்பு திரும்பத் திரும்ப வரும், அதனால் R × Q அங்கே இன்னும் கண்டிப்பாகச் சிறிதாக இருக்க வேண்டும். உங்களுக்கு நீண்ட ட்ரோன் வேண்டுமென்றால் மைக்ரோகன்ட்ரோலர், டிஏசி வழிக்குப் போங்கள். கீபோர்டும் சீக்வென்ஸரும்தான் என்றால் மேலே சொன்னது போதும்.

முதலில் ஐசிகளை வாங்குவதற்கு முன், இருக்கும் பிரெட்போர்டிலேயே கெபாசிட்டரை முதல் ஸ்விட்சின் 1-ஆவது பின்னுக்கு மாற்றி, அந்த ஆறு வோல்டேஜில் குதிப்பையும், மூன்று வோல்டேஜில் இறக்கத்தையும் அளந்து எழுதிப் போடுங்கள். எண்கள் வந்தால், உங்கள் 200 பைக்கோஆம்பியரில் ஆப்ஆம்ப் எவ்வளவு, போர்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறேன்.